குழி விழுந்த கேக்கும் களியான கேக்கும்

பெட்டியைத் திறந்ததும் மணம் மூக்கைத் துளைக்கும். கத்தியை வைத்தால் உள்ளே மட்டும் களியாக இருக்கும். இப்படி ஒரு கேக்கை உண்ணாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. வேறு சில கேக்குகள் அடுப்பில் இருக்கும் வரை பூரியைப் போல உப்பி நின்று, வெளியே எடுத்த பத்தாம் நிமிடத்தில் நடுவில் கிணறு தோண்டிக்கொள்கின்றன. இரண்டுக்கும் “பேக்கிங் பவுடர் சரியில்லை” என்று ஒரே காரணத்தைச் சொல்லிவிடுவது நம் வழக்கம். இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பதை விடுதியில் தங்கிப் பயிலும் நாங்கள் நால்வர் இந்த ஆண்டு கண்டறிந்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எங்களுக்கு இந்த ஆராய்ச்சி ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு டிசம்பரிலும் நம் பள்ளி மாணவியர் அருகிலுள்ள முதியோர் இல்லத்துக்குச் செல்வது வழக்கம். அங்கே இருபத்திரண்டு பாட்டிமார் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு வெளியே சொல்லி வாங்கிய கேக்கை எடுத்துச் சென்றோம். பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஆனால் பல் இல்லாத ஒரு பாட்டி அந்தத் துண்டை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு காப்பியில் ஊறப்போட்டுப் பார்த்தார். ஊறியும் அது கரையவில்லை. “நல்லா இருக்கு கண்ணு, ராத்திரிக்குச் சாப்பிடுறேன்” என்று முந்தானையில் முடிந்துகொண்டார். இந்த ஆண்டு கேக்கை நாங்களே செய்ய வேண்டும் என்று அன்றே தீர்மானித்தோம். பல் இல்லாமலே உண்ணக்கூடிய கேக்காக அது இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே நிபந்தனை.

மனையியல் ஆசிரியையான சிஸ்டர் எங்களுக்கு மூன்று ஒத்திகைகளை அனுமதித்தார். “சமையல் குறிப்பை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பொருளை மட்டும் வேண்டுமென்றே மாற்றுங்கள். ஆறியபின் நடுவில் வெட்டி, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்” என்றார். கேக்கின் உட்புறத்தை ஒரு பாடப்புத்தகம் போலப் படிக்கலாம் என்பது எங்களுக்குப் புதிய செய்தி.

விடுதிச் சமையலறையில் ஓவன் கிடையாது. ஆகவே பழைய அலுமினியக் குக்கர் ஒன்றைக் கேட்டு வாங்கினோம். பழையது என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் இல்லாமல் வெறும் குக்கரைச் சூடாக்கினால் அதன் அடி வளைந்துவிடலாம். அதனால் நாள்தோறும் சோறு வேகும் குக்கரை இதற்கு எடுக்கக் கூடாது. குக்கரின் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்தோம். மூடியிலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றினோம், வெயிட்டையும் எடுத்துவிட்டோம். இவ்விரண்டும் கட்டாயம். நமக்கு வேண்டியது ஆவியின் அழுத்தம் அன்று; வறண்ட சூடு மட்டுமே. கேக்கிலிருந்து எழும் ஆவி மூடித் துளை வழியே வெளியேற வேண்டும். வெயிட்டைப் போட்டால் ஆபத்து. எங்கள் ஒத்திகைகள் யாவும் சமையற்கார அம்மா பக்கத்தில் நிற்கும்போதுதான் நடந்தன.

நாங்கள் எடுத்துக்கொண்ட அளவு மிக எளிது. இரண்டு முட்டையை உடைத்து எடை பார்த்தால் ஏறக்குறைய 100 கிராம் வரும். அதே எடையில் வெண்ணெய், பொடித்த சர்க்கரை, மைதா. இவற்றோடு பேக்கிங் பவுடர் தலைதட்டி ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, சில துளி வெனிலா எசன்ஸ். ஆறு அங்குல அகலமுள்ள டின்னுக்கு இது போதும். டின்னில் பாதிக்குச் சற்று மேலே கலவை நிற்க வேண்டும். நான்கு பொருளும் ஒரே எடை என்பதால் தராசு ஒன்று இருந்தால் வேறு எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. “டம்ளர்” கணக்கில் மைதாவை அளப்பவர்கள், அழுத்தி நிரப்பினால் ஓர் அளவும் தளர்வாக நிரப்பினால் வேறோர் அளவும் வருவதைக் கவனிக்க வேண்டும். கூடுதலாகச் சேரும் அந்தப் பிடி மைதாவே சில கேக்குகளைக் கல்லாக்கிவிடுகிறது.

முதல் ஒத்திகைக்கு எங்களில் ஒருத்தியின் வீட்டுக் குறிப்பையே வைத்துக்கொண்டோம். அவள் ஊர் கொடைக்கானல். அவளுடைய அம்மா சுடும் கேக் அங்கே பஞ்சு போல இருக்குமாம். அந்தக் குறிப்பில் பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டிதான். மற்றவை எங்கள் அளவேதான். நாங்கள் திருச்சியில் அதைச் செய்தபோது கேக் எழுந்தது. ஆனால் பாதி மனத்தோடு எழுந்தது. வெட்டிப் பார்த்தால் நடுவில் குழியும் இல்லை, ஈரமும் இல்லை. துளைகள் மட்டும் மிகச் சிறியனவாக, நெருக்கமாக இருந்தன. தேநீரோடு தின்ன எங்களுக்கு அது பிடித்தே இருந்தது. பாட்டிமாருக்கு ஆகாது.

ஒரே குறிப்பு மலையில் பஞ்சாகவும் சமவெளியில் இறுக்கமாகவும் வருவானேன்? கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. மேலிருந்து அழுத்தும் காற்று இலேசாக இருப்பதால், கேக்குக்குள் இருக்கும் குமிழ்கள் எளிதில் பெரிதாகின்றன. அங்குள்ளவர்கள் நம் அளவுக்குப் பவுடரைப் போட்டால் குமிழ்கள் அளவுக்கு மீறி வீங்கி வெடித்து, கேக் நடுவில் அமுங்கிவிடும். தோழியின் அம்மா அதைப் பட்டறிவினால் உணர்ந்து பவுடரைப் பாதியாக்கியிருக்கிறார். அந்தக் குறிப்பு மலைக்கு எழுதப்பட்டது. மலையிறங்கி வந்தால் அதன் பவுடரைக் கூட்ட வேண்டும். நம் குறிப்பு மலையேறினால் குறைக்க வேண்டும். “எங்கம்மா கேக்கைக் குறை சொன்னீங்கன்னா பாத்துக்கோங்க” என்று முறைத்துக்கொண்டிருந்த தோழி இதைக் கேட்டபின்தான் சிரித்தாள்.

இரண்டாம் ஒத்திகையில் எதிர்த்திசைக்குச் சென்றோம். பவுடர் இரண்டு தேக்கரண்டி. இது எப்படி நடக்கும் என்று தெரிந்தே செய்தோம் என்றாலும், பார்த்தபோது வியப்பாகத்தான் இருந்தது. இருபது நிமிடத்தில் டின்னின் விளிம்பைத் தாண்டி எழுந்தது. (உள்ளே நடப்பதைப் பார்ப்பதற்காக இந்த ஒரு முறை மட்டும் கண்ணாடி மூடியை வைத்திருந்தோம்.) முப்பதாம் நிமிடத்தில், யாரும் மூடியைத் தொடாமலே, நடுப்பகுதி மெல்ல இறங்கத் தொடங்கியது. வெட்டியதும் பெரிய பெரிய துளைகள், அவற்றின் கீழே நசுங்கிய பிசுபிசுப்பான பட்டை, நாவில் சோடா உப்பின் கசப்பு. இந்த மூன்றையும் ஒருசேரக் கண்டால் பவுடர் மிகுதி என்று தயங்காமல் சொல்லலாம்.

இங்கே பேக்கிங் பவுடரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். 1843இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக இதை உருவாக்கினார். சோடா உப்பும், உலர்ந்த அமிலப் பொருள் ஒன்றும், இரண்டும் டப்பாவுக்குள்ளேயே சண்டையிடாமலிருக்கச் சிறிது சோளமாவும் சேர்ந்ததே பேக்கிங் பவுடர். ஈரம் பட்டதும், பிறகு சூடு ஏறியதும் கரியமில வாயு வெளிவருகிறது. அந்த வாயு தானாகப் புதுக் குமிழ்களை உண்டாக்குவதில்லை. நாம் முன்னரே அடித்து ஏற்றிய காற்றுக் குமிழ்களுக்குள் புகுந்து அவற்றை ஊதிப் பெரிதாக்குகிறது. அவ்வளவே அதன் வேலை.

ஊதப்பட்ட பலூன் நிலைத்து நிற்க வேண்டுமானால் சுவர் இறுக வேண்டும். கேக்கில் அந்தச் சுவரைக் கட்டுபவை முட்டையும் மைதாவும். சூட்டில் முட்டை உறைகிறது. மைதாவின் மாச்சத்து நீரை உறிஞ்சித் தடிக்கிறது. இது விளிம்பில் முதலில் நடந்து, நடுவில் கடைசியாக நடக்கும். ஆகவேதான் குழி எப்போதும் நடுவில் விழுகிறது. சுவர் கட்டி முடியும் முன் குமிழ் வெடித்தாலோ, சூடு குறைந்து சுருங்கினாலோ கூரை கீழே வந்துவிடும். பவுடர் மிகுதியாவது ஒரு காரணம். ஆவலை அடக்க முடியாமல் பதினைந்தாம் நிமிடத்தில் மூடியைத் திறப்பது இன்னொன்று. வேகும் முன்பே இறக்கிவிடுவது மூன்றாவது. மேலே சிவந்துவிட்டது என்று இறக்குபவர்களுக்கு இது நேர்கிறது. சர்க்கரையைத் தாராளமாக அள்ளிப் போடுவதும் கெடுதலே. சர்க்கரை மிகுந்தால் முட்டை உறைவதும் மாச்சத்து தடிப்பதும் தாமதமாகும். “இனிப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டுமே” என்று நினைப்பவர்கள் இதை அறிந்திருப்பதில்லை.

குழி விழுந்த கேக்கை வெட்டும்போது துளை பெரியதா, ஈரம் எங்கே என்ற இரண்டையும் பாருங்கள். துளை பெரியதாகவும் கசப்பாகவும் இருந்தால் பவுடர். துளை ஒழுங்காக இருந்து நடுவில் மட்டும் பச்சை மாவின் பிசுபிசுப்பு இருந்தால், வேகவில்லை என்று பொருள்.

மூன்றாம் ஒத்திகை களியைப் பற்றியது. பவுடரைச் சரியாக ஒரு தேக்கரண்டி போட்டோம். வெண்ணெயை மட்டும் அடுப்பில் உருக்கி ஊற்றிக் கலந்தோம். பல வீடுகளில் வேலை மிச்சம் என்று இப்படித்தான் செய்கிறார்கள். கேக் குழியவில்லை, கசக்கவில்லை. ஆனால் கொடைக்கானல் குறிப்பைவிட உயரம் குறைவு, கையில் எடுத்தால் கனம். அடியில் விரல் கனத்துக்கு மெழுகு போல ஒரு பட்டை. சென்ற ஆண்டு பாட்டியின் கையில் இருந்த துண்டு எங்கள் எல்லோர் நினைவிலும் வந்தது. வாய்விட்டு யாரும் சொல்லவில்லை.

உருகிய வெண்ணெய் எண்ணெய்தான். எண்ணெயால் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. (எண்ணெய் விட்டே செய்யும் கேக்குகளும் உண்டு. அவற்றில் காற்றை முட்டை தாங்கிக்கொள்ளும்படி வேறு முறையில் அடிப்பார்கள்.) நம் குறிப்பில் காற்றை ஏற்றும் ஒரே கட்டம் வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிப்பது. சர்க்கரையின் கூர்மையான துகள்கள் வெண்ணெய்க்குள் கீறிக்கொண்டு காற்றை இழுத்துச் செல்கின்றன. வெண்ணெய் விரல் வைத்தால் பதியும் அளவுக்கு மென்மையாக, ஆனால் பளபளக்காமல் இருக்க வேண்டும். பளபளத்தால் உருகத் தொடங்கிவிட்டது. சமையல் நூல்களில் “வெண்ணெயை அறைச் சூட்டில் வைக்கவும்” என்று இருக்கும். அது குளிர்நாட்டு அறை! நம் ஊர் அறையில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தில் குளம்தான் இருக்கும். நாங்கள் குளிர்ந்த நீர் நிறைந்த தாம்பாளத்தில் கிண்ணத்தை வைத்து அடித்தோம். மரக்கரண்டியால் முறை வைத்துப் பதினைந்து நிமிடம் அடித்தபின் மஞ்சள் நிறம் வெளுத்து, கிண்ணத்தில் இருந்த அளவும் கூடியது. அந்த வெளுப்புதான் காற்று ஏறியதற்கு அடையாளம். கை வலிக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் பவுடர் ஊதுவதற்குக் குமிழே இராது.

ஏற்றிய காற்றை இழக்கும் வழிகளும் உண்டு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை அப்படியே ஊற்றினால் வெண்ணெய் கட்டியாகிக் கலவை தயிர் போலத் திரிந்துவிடும். முட்டையை முன்னரே வெளியே எடுத்து வைத்து, அடித்துச் சிறிது சிறிதாக ஊற்றினோம். திரிவது போலத் தோன்றினால் ஒரு கரண்டி மைதா சேர்த்தோம். மைதாவைச் சேர்த்தபின் அடிக்கவே கூடாது. மைதாவில் ஈரம் பட்டு அடிபட்டால் பரோட்டா மாவைப் போல இழுவை ஏறும். பரோட்டாவுக்கு அது அழகு. கேக்குக்கு அதுவே கேடு. மூன்று முறை சலித்த மைதாவைத் தூவி, கரண்டியால் அடியிலிருந்து மேலாக மடித்து, வெள்ளை மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

பழைய பவுடரும் கேக்கை எழவிடாது. ஒரு தேக்கரண்டி பவுடரைச் சூடான நீரில் போட்டால் சோடா பாட்டிலைத் திறந்தது போல நுரைத்துப் பொங்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழ் விட்டால் அந்த டப்பாவைத் தள்ளிவிடலாம். மழைக்காலத்தில் மூடி சரியாக இல்லாத டப்பா விரைவில் வலுவிழக்கும்.

டிசம்பரில் இறுதி நாள் வந்தது. இருபத்திரண்டு பேருக்கு இரண்டு கேக் வேண்டும், குக்கர் ஒன்றுதான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே முறையாகக் கலந்துவிடலாம் என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் ஒப்பவில்லை. கலந்த நொடியே பவுடர் வேலையைத் தொடங்கிவிடுகிறது. முதல் கேக் வேகும் முக்கால் மணி நேரம் இரண்டாவது கலவை மேசைமேல் காத்திருந்தால் வாயுவில் ஒரு பகுதி அறைக்காற்றில் போய்விடும். ஆகவே இரண்டாவது கேக்குக்கு மைதாவையும் பவுடரையும் சலித்துத் தனியே மூடி வைத்தோம். முதல் கேக் வெளிவரும் நேரத்தைக் கணக்கிட்டு வெண்ணெயை அடிக்கத் தொடங்கினோம்.

குக்கரைக் கேக் வைப்பதற்கு முன்பே நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் காயவிட்டோம். காயாத குக்கரில் வைத்தால் கலவை மெல்லச் சூடேறும். சுவர் இறுகும் முன்பே குமிழ்கள் மேலேறிக் கலைந்துவிடும். காய்ந்தபின் வெண்ணெய் தடவி அடியில் தாள் விரித்த டின்னை இறக்கி, தீயைக் குறைத்து, முப்பது நிமிடம் வரை மூடியின் பக்கமே போகவில்லை. தீயைப் பெரிதாக வைப்பதும் தவறு. ஓரம் முதலில் இறுகி, நடு மட்டும் கூம்பாக எழுந்து வெடிக்கும், அடி கருகும். முப்பத்தைந்தாம் நிமிடத்தில் ஈர்க்குச்சியை நடுவில் குத்தியபோது ஈரமாவு ஒட்டியது. மீண்டும் மூடினோம். நாற்பத்திரண்டாம் நிமிடத்தில் குச்சி சுத்தமாக வந்தது. விரலால் மெல்ல அழுத்தினால் பள்ளம் மீண்டது. ஓரம் டின்னிலிருந்து நூலளவு விலகியிருந்தது. ஓவன் உள்ளவர்கள் அதை 180 டிகிரியில் முன்னரே காயவைத்து நடுத்தட்டில் வைத்தால் முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடத்தில் இந்த நிலை வரும். மேற்புறம் ஓவனில் பொன்னிறமாகும். குக்கரில் மேலிருந்து நேர்ச்சூடு இல்லாததால் வெளுப்பாகத்தான் இருக்கும். அதை வேகாத கேக் என்று எண்ணி அடுப்பிலேயே வைத்திருந்தால் அடி காய்ந்துபோகும். நாங்கள் கேக்கைக் கவிழ்த்து, சிவந்த அடிப்பக்கத்தை மேலாக்கிவிட்டோம்.

எடுத்தவுடன் டின்னிலேயே பத்து நிமிடம் விட்டு, பிறகு கம்பித் தட்டில் கவிழ்க்க வேண்டும். டின்னிலேயே முழுக்க ஆறவிட்டால் ஆவி வெளியேற வழியின்றி அடி நனையும். சூட்டோடு வெட்டினாலும், சரியாக வெந்த கேக்கே களி போல நசுங்கும். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று எங்களில் இருவர் எழுதச் சொன்னார்கள்.

ஒவ்வொரு கேக்கையும் பன்னிரண்டாக வெட்டினோம். இல்லத்தில் அதே பாட்டியிடம் துண்டைக் கொடுத்துவிட்டு நாங்கள் நால்வரும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் விரலால் ஓர் ஓரத்தைக் கிள்ளினார். அது பஞ்சு போலப் பிரிந்து வந்தது. நாவில் வைத்துச் சற்று நேரம் சும்மா இருந்தார். “இன்னொண்ணு இருக்கா கண்ணு?” என்றார். இருபத்திரண்டு பேருக்கு இருபத்து நான்கு துண்டுகள். இருந்தது.

குழி விழுந்த அந்த இரண்டாம் ஒத்திகைக் கேக்கும் மெழுகுப் பட்டைக் கேக்கும் என்னவாயின என்று சிலர் கேட்கலாம். முன்னதில் கசப்பு மிகுந்த நடுப்பகுதியை நீக்கிவிட்டு, மீதியைச் சதுரங்களாக வெட்டிக் கிண்ணத்தில் அடுக்கி, வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டு, சூடான கஸ்டர்டை மேலே ஊற்றி ஆறவிட்டோம். களியான கேக் கஸ்டர்டில் ஊறினால் பஞ்சைவிட நன்றாகவே இருக்கிறது. முட்டை ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக முட்டையில்லாத கஸ்டர்டுப் பொடியை 1837இல் செய்தவரும் அதே ஆல்ஃபிரட் பேர்ட்தான். விடுதியின் ஆறாம் வகுப்புத் தங்கைகள் கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு, “அக்கா, அடுத்த கேக்கு எப்போ குழி விழும்?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, விடுதி மாணவி